வெப்ப அலையும் ஒரு பக்கச் செயல்திட்டமும்

2010ஆம் ஆண்டு மே மாதத்தில் குஜராத் மாநிலம் அகமதாபாத் நகரில் 4,462 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் அதே மே மாதத்தில் அந்நகரில் இறந்தவர்களின் சராசரி எண்ணிக்கை 3,118. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 1,344. வழக்கத்தைவிட 43 விழுக்காடு அதிகம். அந்த மாதத்தில் அங்கே நிலநடுக்கமோ புயலோ வரவில்லை. வந்தது வெப்பம் மட்டுமே. மே 21 அன்று வெப்பநிலை 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது.

இந்த எண்களை ஒன்பதாம் வகுப்பில் எழுதிப்போட்டு, "இந்த 1,344 பேரின் இறப்புச் சான்றிதழில் என்ன காரணம் எழுதியிருப்பார்கள்?" என்று மாணவர்களிடம் கேட்பது என் வழக்கம். "வெயில்" என்றுதான் முதல் பதில் வரும். உண்மையில் பெரும்பாலான சான்றிதழ்களில் அப்படி இருக்காது. மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, மூச்சுத்திணறல், காய்ச்சல், முதுமை என்றே இருக்கும். வெப்பம் தன் பெயரில் கொல்வது குறைவு. ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இதயத்தின் மீதும் சிறுநீரகத்தின் மீதும் கூடுதல் சுமையை ஏற்றி, அந்த உறுப்பின் பெயரிலேயே கொல்கிறது. அதனால்தான் ஆய்வாளர்கள் சான்றிதழ்களைத் தனித்தனியே எண்ணாமல், ஒரு மாதத்தின் மொத்த இறப்பிலிருந்து வழக்கமான இறப்பைக் கழித்து மிகை இறப்பைக் கணக்கிடுகிறார்கள்.

அகமதாபாத் அந்தக் கழித்தல் கணக்கோடு நின்றுவிடவில்லை. 2013இல் இந்தியாவிலேயே முதன்முதலாக ஒரு நகருக்கான வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தத் திட்டத்தில் என்ன இருக்கிறது, அது எங்கே பலிக்கிறது, எங்கே தவறுகிறது, அதன் அமைப்பை ஒரு பள்ளிக்கு எப்படிப் பொருத்தலாம் என்பதே இந்தக் கட்டுரை.

உடல் செய்யும் கணக்கு

முதலில் உடலைப் பார்த்துவிடுவோம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் உடல், பழைய 100 வாட் குண்டு பல்பைப் போல, நொடிக்கு ஏறத்தாழ 100 ஜூல் வெப்பத்தை உண்டாக்குகிறது. ஒரு மணி நேரத்துக்கு 360 கிலோஜூல். அறைக் காற்று 28 டிகிரியாக இருந்தால் இந்த வெப்பத்தில் பெரும்பகுதி தோலிலிருந்து தானாகவே காற்றுக்குப் போய்விடும். தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. காற்றும் 35ஐத் தொட்டுவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. அதற்கு மேலே போனால் காற்றிலிருந்து வெப்பம் உடலுக்குள் வரத் தொடங்குகிறது. அப்போது மிஞ்சுவது வியர்வை ஒன்றுதான்.

ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 360ஐ 2.4ஆல் வகுத்தால் 150 கிராம். அதாவது 35 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்திருக்கவே மணிக்கு 150 மில்லி வியர்வை ஆவியாக வேண்டும். செங்கல் சுமப்பவரின் உடல் இதைப்போல நான்கைந்து மடங்கு வெப்பத்தை உண்டாக்கும். மேலே வெயிலும் சேரும். ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் பாடம் நடத்தும்போது இந்தக் கணக்கைச் செய்யச் சொன்னால், மாணவர்கள் தங்கள் அப்பாவுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்பதைத் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய சொல் "ஆவியாகும்போது" என்பது. வழிந்து தரையில் சொட்டும் வியர்வையால் உடல் குளிர்வதில்லை. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் வியர்வை சொட்டுமே தவிர ஆவியாகாது. கடலூரில் 37 டிகிரி, கரூரில் 40 டிகிரியைவிட அதிகமாக வாட்டக்கூடும் என்பதற்குக் காரணம் இதுதான். இதை வகுப்பில் காட்டுவது எளிது. இரண்டு வெப்பமானிகளைப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, ஒன்றின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி விசிற வேண்டும். வறண்ட நாளில் ஈரத்துணி சுற்றியது பத்து டிகிரிக்கும் மேல் இறங்கும். புழுக்கமான நாளில் இரண்டு மூன்று டிகிரியோடு நின்றுவிடும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானிதான் நம் தோல்.

வியர்ப்பதோடு இன்னொரு வேலையும் நடக்கிறது. உள்ளுறுப்புகளின் வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டுவர இதயம் கூடுதலாக இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. வியர்வையில் நீர் போவதால் இரத்தத்தின் அளவோ குறைந்துகொண்டே வருகிறது. குறைந்த இரத்தத்தை வைத்துக்கொண்டு அதிக வேலை செய்ய வேண்டிய நிலை இதயத்துக்கு. சிறுநீரகத்துக்கு வரும் இரத்தமும் குறைகிறது. முதலில் நாம் பார்த்த இறப்புகளின் பின்னால் இருப்பது இந்தச் சுமைதான். இரவில் காற்று குளிர்ந்தால் உடல் மீண்டுகொள்ளும். இரவும் குளிராத நாள்கள் தொடர்ந்தால் முதல் நாளின் சுமை இரண்டாம் நாளுக்கும், அது மூன்றாம் நாளுக்கும் போகும். ஒரு நாள் கடும் வெயிலைவிட நான்கு நாள் தொடர் வெயில் ஆபத்தானது என்று சொல்வது அதனால்தான்.

சோர்வா, வெப்பத்தாக்கா?

உடல் தோற்கத் தொடங்குவதற்கு அடையாளங்கள் உண்டு. கை கால் தசைப்பிடிப்பு, அதிக வியர்வை, தலைவலி, குமட்டல், தலைசுற்றல் ஆகியவை வெப்பச் சோர்வின் அடையாளங்கள். அந்தப் பிள்ளையை நிழலுக்கு மாற்றி, காற்றுப் படச் செய்து, தண்ணீரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தேறிவிடும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். கரண்டிகள் தலைதட்டி இருக்க வேண்டும். உப்பு கூடிவிடக் கூடாது.

ஹீட் ஸ்ட்ரோக் என்று மருத்துவர்கள் சொல்லும் வெப்பத்தாக்கு வேறு. உடலின் உள்வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டி, மூளையின் செயல் குழம்பிவிட்ட நிலை அது. தோல் வறண்டிருக்கிறதா என்று பார்த்து முடிவுசெய்யக் கூடாது. ஓடிவிட்டு வந்து விழும் மாணவனுக்கு வெப்பத்தாக்கு ஏற்பட்ட பிறகும் தோல் வியர்வையில் நனைந்தே இருக்கலாம். பார்க்க வேண்டியது மனநிலை. பெயரையும் வகுப்பையும் கேட்டால் தெளிவாகச் சொல்கிறானா? உளறுகிறானா, தள்ளாடுகிறானா, காரணமின்றிக் கோபப்படுகிறானா, வலிப்பு வருகிறதா, நினைவு தப்புகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் வெப்பத்தாக்கு என்றே கொள்ள வேண்டும்.

அப்போது ஒருவர் 108ஐ அழைக்க, மற்றவர்கள் அதே நொடியில் உடலைக் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். உடைகளைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிற வேண்டும். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் வைக்கலாம். வண்டி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உள்வெப்பநிலை அந்த உயரத்தில் நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். காய்ச்சல் மாத்திரையும் இதற்குப் பயன்படாது. இது கிருமியால் வந்த காய்ச்சல் அல்ல.

யாருக்கு முதலில் ஆபத்து?

பாதிக்கப்படக்கூடியவர்களின் பட்டியலை மனப்பாடமாக ஒப்பிக்க நமக்கெல்லாம் தெரியும். முதியோர், குழந்தைகள், கருவுற்ற பெண்கள், நோயாளிகள், வெயிலில் வேலை செய்வோர். அந்தப் பட்டியல் சரியானதே. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு தெருவில் யார் வீட்டுக்கதவை முதலில் தட்டுவது என்று முடிவுசெய்ய முடியாது. அதற்கு ஒவ்வொருவரைப் பற்றியும் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அவர் உடலால் வெப்பத்தை வெளியேற்ற முடிகிறதா என்பது முதல் கேள்வி. வயதானவர்களுக்கு வியர்வையும் குறைவு, தாக உணர்வும் குறைவு. கைக்குழந்தைக்கு எடையோடு ஒப்பிடும்போது தோற்பரப்பு அதிகம் என்பதால் சுற்றுப்புற வெப்பம் விரைவில் உள்ளே போகும். தாகம் என்று சொல்லவும் அதற்குத் தெரியாது. இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரைக் கூட்டும் மாத்திரை சாப்பிடுவோருக்கு உடலின் நீர் விரைவில் குறையும். மனநோய்க்கான சில மருந்துகள் வியர்ப்பதையே குறைத்துவிடும். இவர்கள் தாங்களாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. கோடை தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அவரால் வெப்பத்தை விட்டு விலக முடிகிறதா என்பது இரண்டாவது கேள்வி. கட்டடத் தொழிலாளி, செங்கல் சூளைத் தொழிலாளி, தள்ளுவண்டிக்காரர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர் ஆகியோர் உடலளவில் திடமானவர்கள்தான். ஆனால் நண்பகலில் நிறுத்தினால் கூலி போகும். தகரக் கூரையின் கீழும் ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டின் கீழும் இருப்பவருக்கு வீட்டுக்குள் போவதுகூட விலகலாகாது. அடுப்பின் முன் நிற்கிறவருக்கு நிழலும் வெயில்தான். கழிப்பறை வசதி இல்லாத இடத்தில் வேலை செய்யும் பெண்கள் தாகம் எடுத்தாலும் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. தண்ணீர்ப் பந்தல் பக்கத்திலேயே இருந்தாலும் அவர்களுக்குப் பயனில்லை.

அவரைக் கவனிக்க யாராவது இருக்கிறார்களா என்பது மூன்றாவது. தனியே வசிக்கும் பாட்டிக்கு நண்பகலில் பேச்சுக் குழறினால், அதைக் கேட்பதற்கு ஆள் வேண்டும்.

மூன்று கேள்விகளுக்கும் பாதகமான பதில் வருகிறவர்தான் முதல் வீடு. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, தகரக் கூரையின் கீழ், தனியே இருக்கும் எழுபது வயதுக்காரர் ஒருவர் நம் ஒவ்வொரு ஊரிலும் இருப்பார்.

எந்த நாள் வெப்ப அலை நாள்?

நம் ஊரில் கத்திரி வெயிலுக்குப் பஞ்சாங்கத்தில் தேதி உண்டு. வெப்ப அலைக்குத் தேதி கிடையாது. அது அளவைப் பொறுத்தது. சமவெளியில் அதிகபட்ச வெப்பநிலை குறைந்தது 40 டிகிரியாக இருந்து, அந்த நாளுக்குரிய இயல்பைவிட 4.5 டிகிரி முதல் 6.4 டிகிரி வரை கூடியிருந்தால் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதை வெப்ப அலை என்கிறது. அதற்கும் மேல் கூடினால் கடும் வெப்ப அலை. இயல்பு என்னவாக இருந்தாலும் 45 டிகிரியைத் தொட்டுவிட்டால் வெப்ப அலைதான். கடலோரத்தில் 37 டிகிரியும் இயல்பைவிட 4.5 டிகிரி உயர்வும் இருந்தால் போதும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். உள்மாவட்ட ஊர் ஒன்றில் அன்றைய இயல்பு 38.5 என்று கொள்வோம். அங்கே 42.5 பதிவானாலும் உயர்வு 4 டிகிரிதான். விதிப்படி அது வெப்ப அலை நாள் இல்லை. ஆனால் அந்த ஊர்ச் சாலையில் தார் ஊற்றிக்கொண்டிருப்பவருக்கு 42.5 டிகிரி ஆபத்துதான். ஆகவே வானிலைத் துறையின் அறிவிப்பு நமக்குத் தேவை. அதோடு, எந்த அளவில் நம் ஊரில் மக்கள் நோய்வாய்ப்படத் தொடங்குகிறார்கள் என்ற உள்ளூர்க் கணக்கும் தேவை. அகமதாபாத் முதலில் செய்த வேலை அதுதான்.

அகமதாபாத் என்ன செய்தது?

மாநகராட்சி, காந்திநகரிலுள்ள இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனம் முதலான ஆய்வு நிறுவனங்களோடு சேர்ந்து இந்தத் திட்டத்தை உருவாக்கியது. நகரின் வெப்பநிலையும் இறப்பும் ஒப்பிடப்பட்டு மூன்று படிகள் வகுக்கப்பட்டன. 41.1 முதல் 43 டிகிரி வரை எதிர்பார்க்கப்பட்டால் மஞ்சள். 43.1 முதல் 44.9 வரை ஆரஞ்சு. 45ஐத் தொட்டால் சிவப்பு.

எண்களுக்கு நிறம் கொடுப்பதோடு முடிந்திருந்தால் அது வெறும் அறிவிப்பாகவே இருந்திருக்கும். அதைத் திட்டமாக்கியது அடுத்த பகுதி. மாநகராட்சியில் ஒரு பொறுப்பு அலுவலர் அமர்த்தப்பட்டார். முன்னறிவிப்பு அவரிடம் வரும். எந்த நிறம் என்பதை அறிவிக்க வேண்டியவர் அவர். அறிவித்தவுடன் மருத்துவமனைகள், அவசர ஊர்தி, குடிநீர், மின்சாரம், தொழிலாளர் துறை, செய்தி ஊடகங்கள் என்று யார் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். தகவல் கிடைத்ததும் ஒவ்வொரு துறையும் என்ன செய்ய வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்கும். மருத்துவமனை ஐஸ் கட்டிகளையும் படுக்கைகளையும் தயாராக வைக்கும். குடிசைப் பகுதிகளுக்குத் தண்ணீர் போகும். வழக்கமாக நண்பகலில் பூட்டப்படும் பூங்காக்கள் திறந்திருக்கும், நிழலில் படுப்பதற்காக. எல்லாத் துறைகளும் கூடி "இன்று என்ன செய்யலாம்" என்று பேசும் நேரம் மிச்சமாகிறது.

இது முன்னெச்சரிக்கை. இதோடு வேறு மூன்று பகுதிகளும் திட்டத்தில் உண்டு. ஒன்று, மக்களுக்கு உள்ளூர் மொழியில் விளக்கம். இரண்டு, மருத்துவர்களுக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் பயிற்சி. மயங்கி வந்தவருக்கு வெப்பத்தாக்கு இருக்கலாம் என்று யோசித்து, உடனே குளிர்விக்கத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று, வெப்பத்தையே குறைப்பது. 2017 முதல் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசும் வேலை தொடங்கியது. வெள்ளைப் பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்புவதால் வீட்டுக்குள் சில டிகிரி குறையும்.

கூரை எவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்நகரிலேயே ஒரு சான்று உண்டு. ஒரு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் பிரிவு மேல்மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருந்தது. அதைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிய பிறகு வெப்பத்தால் பாதிக்கப்படும் பச்சிளங்குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. புதிய கருவி எதுவும் வாங்கவில்லை. அறைதான் மாறியது.

இந்தத் திட்டத்தால் பயன் இருந்ததா? திட்டத்துக்கு முந்தைய ஆண்டுகளையும் 2014, 2015ஆம் ஆண்டுகளையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டதாக மதிப்பிட்டது. இது மதிப்பீடுதான், தலைகளை எண்ணிச் சொன்னதல்ல. ஆனாலும் திசை தெளிவாக இருக்கிறது.

எங்கே தவறுகிறது?

பிறகு பல மாநிலங்களும் நகரங்களும் வெப்பச் செயல்திட்டம் எழுதின. டெல்லியிலுள்ள கொள்கை ஆய்வு மையம் அப்படிப்பட்ட 37 திட்டங்களைப் படித்து 2023இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் 10 திட்டங்களில் மட்டுமே உள்ளூருக்கென்று வகுத்த வெப்ப அளவு இருந்தது. பாதிக்கப்படக்கூடியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று உண்மையிலேயே மதிப்பீடு செய்தவை 2 மட்டுமே. மற்றவற்றில் "முதியோர், குழந்தைகள், கர்ப்பிணிகள்" என்ற பட்டியல் இருந்தது. எந்தத் தெரு, எத்தனை பேர் என்பது இல்லை.

அளவிலும் ஒரு குறை உண்டு. நகருக்கு ஒரு வெப்பமானி, பெரும்பாலும் விமான நிலையத்தில் திறந்த வெளியில் இருக்கும். தகரக் கூரையின் கீழே என்ன வெப்பம் என்று அது சொல்லாது. காற்றின் ஈரப்பதத்தையும் இரவு வெப்பத்தையும் கணக்கில் எடுக்காத திட்டம், 40 டிகிரிக்குக் கீழே புழுக்கத்தில் நிகழும் பாதிப்பைத் தவறவிட்டுவிடும். கடலோர மாவட்டங்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

தமிழ்நாட்டில் வெப்ப அலை 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டது. வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் அதில் உண்டு. இங்கேதான் சான்றிதழ்ச் சிக்கல் மீண்டும் வருகிறது. இறப்புக்குக் காரணம் மாரடைப்பு என்று மட்டும் எழுதப்பட்டால், அந்தக் குடும்பம் வெப்பத்தை எப்படி மெய்ப்பிக்கும்? எங்கே, எந்த நேரத்தில், என்ன வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்தார், அப்போது உடல் எவ்வளவு சுட்டது என்று உடனிருந்தவர்கள் மருத்துவரிடம் சொல்வது அதனால் முக்கியமாகிறது.

ஒரு பள்ளிக்கு ஒரு பக்கம்

மே மாதத்தில் பள்ளி இல்லை, நமக்கென்ன என்று நினைக்க முடியாது. மார்ச், ஏப்ரல் தேர்வு நாள்கள் இருக்கின்றன. ஜூன் மாதமும் இருக்கிறது. 2023இலும் 2024இலும் வெயில் காரணமாகவே பள்ளித் திறப்பு தள்ளிப்போனது. துறையிலிருந்தோ மாவட்ட ஆட்சியரிடமிருந்தோ ஆணை வந்தால் அதுவே முதன்மை. ஆணை வராத சாதாரண வெயில் நாள்களுக்காக அகமதாபாத் திட்டத்தின் அமைப்பை ஒரே பக்கத்துக்குச் சுருக்கி எங்கள் உயர்நிலைப் பள்ளியில் பயன்படுத்துகிறோம்.

அளவில்தான் தொடங்கினோம். சுவர் வெப்பமானிகளை ஒரு வாரம் வெவ்வேறு அறைகளில் மாட்டி, காலை 11 மணிக்கும் பிற்பகல் 2.30க்கும் எட்டாம் வகுப்பு மாணவர்கள் குறித்தார்கள். வெயில் நேரடியாகப் படாத இடத்தில், உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலை உயரத்தில் மாட்டவேண்டும். பிற்பகலில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள வகுப்பறைகள் தரைத்தள அறைகளைவிட மூன்று நான்கு டிகிரி அதிகமாக இருந்தன. வெளியே ஒரே வெயில், உள்ளே இரண்டு பள்ளிகள். அதன்பின் அறைக்குள் 36 டிகிரி என்றால் மஞ்சள், 39 என்றால் சிவப்பு என்று வைத்துக்கொண்டோம். இவை எங்கள் கட்டடத்துக்கு நாங்கள் வைத்த எண்கள். கடலோரப் பள்ளி இதைவிடக் குறைத்தே வைக்க வேண்டும். முந்தைய மாலை சென்னை வானிலை மையம் நம் மாவட்டத்துக்கு எச்சரிக்கை விடுத்திருந்தால், அறை அளவைப் பார்க்காமலே சிவப்பு.

அடுத்தது, அறிவிப்பவர் யார் என்பது. தலைமையாசிரியர். அவர் கூட்டத்துக்குப் போயிருந்தால் யார் என்பதும் பெயரோடு எழுதப்பட்டிருக்கிறது. "பொறுப்பாசிரியர்" என்று மட்டும் எழுதினால், அன்று யாருக்கும் பொறுப்பிருக்காது.

மஞ்சள் நாளில் காலை வணக்கம் நிழலில், சுருக்கமாக. விளையாட்டுப் பாடவேளை முற்பகலுக்கு மாறும். தண்ணீர் குடிக்க மணி அடிக்கும்போது, வகுப்பாசிரியர் கண்முன்னே குடிக்க வேண்டும். சிவப்பு நாளில் மைதானம் கிடையாது. பிற்பகலில் மேல்மாடி வகுப்புகள் கீழே இறங்கும். இரண்டு வகுப்புகள் ஓர் அறையில் நெருங்கி உட்கார்ந்தால் புழுக்கம் கூடும் என்பதால், ஆய்வகம், நூலகம், வேப்பமர நிழல் என்று எந்த வகுப்புக்கு எந்த இடம் என்பதை முன்பே பிரித்துவைத்திருக்கிறோம். மதிய உணவுக்கான வரிசை வெயிலில் நிற்காது. வகுப்பு வகுப்பாக அழைக்கப்படும்.

பிறகு பெயர்ப்பட்டியல். இதயம், சிறுநீரகம், வலிப்பு தொடர்பான சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகள். வெகுதூரம் நடந்தோ சைக்கிளிலோ வருகிறவர்கள். காலையில் சாப்பிடாமல் வரும் பழக்கமுள்ளவர்கள், நோன்பு இருக்கும் நாள்களில் நோன்பு வைப்பவர்கள். முந்தைய இரண்டு நாளில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தவர்கள். இந்தப் பட்டியல் தகவல் பலகையில் ஒட்டுவதற்கல்ல. வகுப்பாசிரியரிடம் மட்டும் இருக்கும். சிவப்பு நாளில் மதியத்துக்குப் பின் அவர் இவர்களிடம் ஒருமுறை பேச்சுக்கொடுத்துப் பார்ப்பார்.

பட்டியலில் பெரியவர்களும் உண்டு. பள்ளி வளாகத்தில் மிக அதிக வெப்பத்தில் வேலை செய்பவர் சத்துணவு சமைக்கும் அம்மா. வெளியே 38 டிகிரி இருக்கும்போது அவர் அடுப்பின் முன்னே நிற்கிறார். சிவப்பு நாளில் அவருடைய வேலையை அதிகாலைக்கு முன்னகர்த்துகிறோம். சமையலறையின் இரண்டு பக்க ஜன்னல்களும் திறந்திருக்கின்றனவா என்று பார்க்கிறோம். தூய்மைப் பணியாளரும் தோட்டத்தைப் பார்ப்பவரும் அதே பட்டியலில் உள்ளவர்கள்.

கழிப்பறைக்கும் இந்தப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. மாணவிகளின் தண்ணீர்ப் பாட்டில் மாலையிலும் நிறைந்தே இருந்தால், தாகம் இல்லை என்று பொருளல்ல. கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் உடலில் நீர் குறைந்திருக்கிறது என்பதை எல்லா வகுப்பிலும் சொல்லிவைத்தால், பிள்ளைகள் தாங்களே கவனித்துக்கொள்வார்கள்.

பக்கத்தின் அடியில் அவசரப் பகுதி. ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் எந்த அலமாரியில், சாவி யாரிடம். 108, ஆரம்ப சுகாதார நிலையத்தின் எண். யார் அழைப்பது, யார் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பது, யார் உடன் போவது, பெற்றோருக்கு யார் சொல்வது. நான்கு வேலைகளுக்கு நான்கு பெயர்கள்.

கடைசியாக ஒரு நாற்பது பக்க நோட்டு. தலைவலி, மயக்கம், வாந்தி என்று யார் வந்தாலும் தேதி, நேரம், எந்த அறை, அப்போது அறையின் வெப்பநிலை என்ன என்று ஒரு வரி எழுதுகிறோம். பருவ முடிவில் அந்த நோட்டைப் பார்த்தால் நாம் வைத்த எண்கள் சரியா என்று தெரிந்துவிடும். 36க்குக் கீழேயே பிள்ளைகள் மயங்கியிருந்தால் மஞ்சளைக் குறைக்க வேண்டும். ஒரே அறையின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அதன் கூரைக்குச் சுண்ணாம்பு பூசச் சொல்லிப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் வைக்கலாம். ஒரு நகரம் தன் இறப்புப் பதிவேட்டிலிருந்து எடுத்த அளவை, ஒரு பள்ளி இந்த நோட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.